விரலுக்கு அடியில் இருந்த நிரல்

இரவு பத்தரைக்கு அக்கா மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ. "மாமா, நாளைக்கு இன்டர்னல். நல் ஸ்பேஸ், காலம் ஸ்பேஸ் ரெண்டும் கண்டுபிடிக்கணும்." நோட்டின் மேல் அவள் தலை நிழல். நான் பார்த்த மேட்ரிக்ஸ் இது:

```
1 2 0 3
2 4 1 4
3 6 1 1
```

இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையை இருமுறை கழித்தேன், மூன்றாவதிலிருந்து மும்முறை. கடைசியில் மூன்று பிவட். ரேங்க் 3, நல்லிட்டி 1. பெருமையாக அனுப்பிவைத்தேன்.

"புக்ல நல் ஸ்பேஸுக்கு ரெண்டு வெக்டர் போட்டிருக்கே மாமா."

"புக்கு தப்பா இருக்கும். மூணும் ஒண்ணும் நாலு, நாலு நிரல். சரியா வருது பாரு."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கூட்டல் எதையும் சரிபார்ப்பதில்லை. குறைத்த வடிவத்தில் ஒரு நிரலில் பிவட் இருக்கும், அல்லது இருக்காது. இருப்பவற்றை எண்ணினால் ரேங்க், இல்லாதவற்றை எண்ணினால் நல்லிட்டி. வகுப்பில் வந்தவர்களையும் வராதவர்களையும் கூட்டினால் மொத்தம் வராமல் எங்கே போகும்? எண்ணைத் தப்பாகப் படித்திருந்தாலும் நாலுதான் வரும்.

விளக்கைப் போட்டு மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். மூலையில் இருந்தது 1 இல்லை, 7. அவள் 7-க்குக் குறுக்குக்கோடு போடுவதில்லை. இப்போது மூன்றாம் நிரை முதல் இரண்டின் கூட்டுத்தொகை. கணக்கு போடுகிறவர்கள் வேண்டுமென்றே இப்படித்தான் அமைப்பார்கள், முதலிலேயே பார்த்திருக்கலாம். குறைத்தால்:

```
1 2 0  3
0 0 1 -2
0 0 0  0
```

பிவட் ஒன்றாம், மூன்றாம் நிரல்களில். இரண்டும் நான்கும் ஃப்ரீ, அதாவது x2, x4 நம் இஷ்டம். முதல் நிரை `x1 = -2x2 - 3x4` என்கிறது, இரண்டாவது `x3 = 2x4` என்கிறது. x2-க்கு 1, x4-க்கு 0 வைத்தால் `(-2, 1, 0, 0)`. மாற்றி வைத்தால் `(-3, 0, 2, 1)`. புத்தகத்தின் இரண்டு வெக்டர்களும் வந்துவிட்டன.

"அப்போ காலம் ஸ்பேஸுக்கு `(1,0,0)`, `(0,1,0)` தானே?"

கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். சிவப்பு வட்டம் போட்டு, "பழைய மேட்ரிக்ஸின் நிரல்களை எடு" என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை. மனப்பாடம் செய்து அடுத்த தேர்வில் மார்க் வாங்கினேன், அதோடு சரி.

தப்பு என்று காட்டுவது சுலபம். மேல் மேட்ரிக்ஸின் எந்த நிரலை எடுத்தாலும் மூன்றாம் எண் முதல் இரண்டின் கூட்டுத்தொகை. அவற்றை எப்படிப் பெருக்கிக் கூட்டினாலும் அந்தக் குணம் போகாது. `(1,0,0)`-க்கு அது இல்லை. ஆக, அது அந்த ஸ்பேஸுக்குள்ளேயே கிடையாது.

ஏன் என்பதற்குத்தான் பதினொன்றரை ஆனது. நிரைகளைக் கூட்டிக் கழிக்கும்போது நிரல்களில் உள்ள எண்கள் எல்லாம் மாறிப்போகின்றன, காலம் ஸ்பேஸும் இடம் மாறிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு நிரையும் ஒரு சமன்பாடு. சமன்பாடுகளைத் திரும்பப் பெறக்கூடிய விதத்தில் கூட்டிக் கழித்தால் தீர்வுகள் மாறாது. அதனால் நல் ஸ்பேஸ் அப்படியே நிற்கிறது. நல் ஸ்பேஸின் ஒவ்வொரு வெக்டரும் நிரல்களுக்கு இடையே உள்ள ஓர் உறவு. `(-3, 0, 2, 1)` சொல்வது இதுதான்: நான்காம் நிரல், முதல் நிரலைப்போல் மூன்று மடங்கு, அதிலிருந்து மூன்றாம் நிரலைப்போல் இரண்டு மடங்கு கழித்தது. குறைத்த வடிவத்தில் நான்காம் நிரலாக 3, -2 என்று எழுதியிருப்பதும் அதேதான். பழைய மேட்ரிக்ஸில் போட்டுப் பார்த்தோம்:

```
3(1,2,3) - 2(0,1,1) = (3,4,7)
```

நிரல்கள் மாறுகின்றன, அவற்றின் சொந்தபந்தம் மாறுவதில்லை. யாரை வைத்து யாரை எழுதலாம் என்பதைக் குறைத்த வடிவம் சொல்லும். ஆளைப் பழைய மேட்ரிக்ஸில்தான் தேட வேண்டும்: `(1,2,3)`, `(0,1,1)`.

"இதை யாரும் சொல்லவே இல்ல மாமா."

"எனக்கும்தான்."

தேர்வு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு போட்டோ வந்தது, இந்த முறை வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் மேட்ரிக்ஸின் மூன்றாம் நிரல் முழுக்க அவள் கட்டைவிரலுக்கு அடியில். கீழே அவள் குறைத்து எழுதியிருந்த வடிவத்தில் முதல் இரண்டும் பிவட் நிரல்கள், மூன்றாவது 2, 5, 0. முதல் நிரலை இரண்டால், இரண்டாவதை ஐந்தால் பெருக்கிக் கூட்டி அனுப்பினேன். "விரலுக்குக் கீழ இதுதானே இருக்கு?"

விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பினாள்.