ஐந்து ஸ்லைடு, ஐந்து நிமிடம்

ஜி.எஸ்.டி. பற்றிப் பேசப்போகும் மாணவியிடம் இருப்பது ஐந்து ஸ்லைடுகளின் ஸ்கிரீன்ஷாட். ஐந்தாவது நிமிடம் மணி அடித்துவிடும். ஸ்லைடுக்கு ஒரு நிமிடம் என்று பிரிக்கலாமா? கூடாது.

தலைப்புக்கு 20 நொடி போதும். வரலாறு, வரி வகைகள் தலா 60. நான்காவதில் இருப்பது 270 − 180 = 90 மட்டுமே. ஆனால் அதற்குத்தான் 100 நொடி வேண்டும். குறிப்பில் திரையில் இல்லாததை எழுதுகிறாள்: “1000 ரூபாய்க்கு வாங்கும்போது கடைக்காரர் கட்டிய 18 சதவீத வரி 180. 1500க்கு விற்று வசூலித்தது 270. அரசுக்குச் செலுத்துவது 90.” முடிவுரைக்கு 40. மீதி 20 நொடி தடுமாற்றத்துக்கு.

ஓரத்தில் கடிகார நேரம்: நான்காவது ஸ்லைடு 2:20. அப்போதும் வரி வகைகளில் நின்றால் அங்கேயே வெட்ட வேண்டும், கணக்கில் கைவைக்கக் கூடாது!