‘இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?’

வானவடியில் ஷிண்டே சத்திரிக்கு அருகே நான் குடியிருக்கும் அறையில் அமர்ந்தபடிதான் அந்த முதல் தொலைபேசி நேர்காணலை எதிர்கொண்டேன். ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து மாதங்கள் இருந்தன. அதன்பின் உதவித்தொகை நின்றுவிடும். மொழியியலை விட்டு, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். மனிதவளத் துறைப் பெண்மணி இரண்டே கேள்விகள் கேட்டார்: “உங்கள் தற்போதைய சி.டி.சி. எவ்வளவு? எதிர்பார்ப்பது எவ்வளவு?”

முதுநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 42,000 ரூபாய். புனேவில் வெளியே தங்கியிருப்பதால் எனக்கு 30 விழுக்காடு வீட்டு வாடகைப்படியும் கிடைத்தது. மொத்தம் 54,600. பன்னிரண்டால் பெருக்கி 6,55,200 என்றேன். வேலை மாறுவோர் வழக்கமாகக் கேட்கும் 30 விழுக்காடு உயர்வைச் சேர்த்து, எட்டரை லட்சம் எதிர்பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவர் ஒரு நொடியும் தயங்காமல் “சரி” என்றார். அந்தத் தயக்கமின்மையே எனக்கு முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

பணி அழைப்பு வந்தபின்தான் கணக்குப் பார்த்தேன். எட்டரை லட்சத்தில் பத்து விழுக்காடு, அதாவது 85,000, ஆண்டு முடிவில் செயல்திறனைப் பொறுத்தே வரும். அடிப்படை ஊதியம் மொத்தத்தில் பாதி, 4,25,000. அதில் 12 விழுக்காடான 51,000 ரூபாயை நிறுவனம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தும். பணிக்கொடைக்கு 4.81 விழுக்காடு, சுமார் 20,400. இவையும் சி.டி.சி.க்குள் அடங்கியவை. மீதமுள்ள தொகையில் என் பங்காக வைப்பு நிதிக்கு மேலும் 51,000, மகாராஷ்டிரத் தொழில் வரி 2,500. வருமான வரி இல்லை என்று கொண்டாலும் கைக்கு வருவது மாதம் சுமார் 53,300 ரூபாய். வைப்பு நிதி என் பணந்தான், மறுக்கவில்லை. ஆயினும் நான் 30 விழுக்காடு உயர்வு என்று நம்பியது, மாத வாடகை கொடுக்கும் கையைப் பொறுத்தவரை ஒரு குறைவு.

பிழை எங்கே நிகழ்ந்தது? பொருண்மையியலில் முன்னனுமானம் என்று படித்திருக்கிறோம். ஒரு கூற்று எதையோ முன்கூட்டியே உண்மையாகக் கொண்டு பேசும்போது, கேட்பவர் மறுக்காவிடில் அது உரையாடலில் நிலைபெற்றுவிடும். டேவிட் லூயிஸ் 1979-இல் இதை ‘இடங்கொடுத்தல்’ என்று விளக்கினார். ‘தற்போதைய சி.டி.சி.’ என்ற கேள்வி எனக்கு ஒரு சி.டி.சி. இருப்பதாக முன்கொள்கிறது. எனக்கு இருந்தது பிடித்தங்கள் அற்ற உதவித்தொகை. ஒரே துறைக்குள் நிறுவனம் மாறுபவருக்குப் பழைய ஊதியம் அவருடைய சந்தை மதிப்பை ஓரளவு காட்டும். துறையே மாறும்போது அந்த எண் புதிய பணியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நான்தான் அதற்கு இடங்கொடுத்தேன்.

அந்த அழைப்பை ஏற்கவில்லை. எளிதான முடிவன்று, வீட்டில் இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த நேர்காணலுக்குமுன் புனேவிலேயே அத்தகைய பணியிலிருக்கும் மூவரிடம் விசாரித்தேன். ‘உன் சம்பளம் என்ன’ என்று கேட்கவில்லை. ‘புதிதாக வருபவருக்கு எவ்வளவு தருவார்கள்’ என்று கேட்டேன், தயங்காமல் சொன்னார்கள். என் மாதச் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எதற்குக் கீழே இறங்க இயலாது என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதே கேள்வி மீண்டும் வந்தபோது இவ்வாறு சொன்னேன்: “நான் பெறுவது ஆய்வு உதவித்தொகை, மாதம் 54,600. அது ஊதியம் அன்று. வேறு துறையைச் சேர்ந்தது. எனவே அதை அடிப்படையாகக் கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இப்பணிக்கு நீங்கள் ஒதுக்கியுள்ள வரம்பைச் சொல்ல இயலுமா?” எண்ணை மறைக்கவில்லை. பின்னர் சான்று கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் அழைப்பே போய்விடும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு லட்சம் என்றார். “மாறுபடும் ஊதியம் நீங்கலாக, நிலையான ஊதியம் பத்து லட்சம்” என்று கேட்டேன். தொழில்துறை அனுபவம் இல்லையே என்றார். நான்கு ஆண்டுகள் களப்பணியில் தகவலாளிகளைத் தேடி, வினாநிரல் அமைத்து, பேச்சைப் பதிவுசெய்து, எழுத்துப்பெயர்த்துப் பகுத்ததைச் சொன்னேன். அப்பணியின் பாதி வேலை அதுவே. ஒன்பதரையில் முடிந்தது. முன்போலவே கணக்கிட்டால் கைக்கு மாதம் 67,000-ஐச் சற்றே தாண்டும்.

எண்ணை மட்டுமே ஏற்கும் இணையப் படிவங்களில் இந்த விளக்கத்துக்கு இடமில்லை. அங்கே உதவித்தொகையை உள்ளபடி எழுதி, முதல் உரையாடலிலேயே அதன் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களிலிருந்து அந்த உரையாடலே வரவில்லை.