வெறும் வயிற்றில் பார்க்கும் காற்று

நான் கார் வாங்கியது 2023இல். 2020 மார்ச் மாதத்திலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. ஊரில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலையேறிக் கொண்டிருந்தன. எனக்குக் கிடைத்தது 800 சிசி கார் ஒன்று. என் வகுப்புப் பிள்ளைகளைவிட வயதில் மூத்தது. அதை வாங்கியதற்குக் காரணம் உம்மா. சீனி வருத்தத்துக்காக மாதத்துக்கு ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போக வேண்டும். லுணுகலையில் விடியற்காலை பஸ் ஏறி, பசறை வரைக்கும் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு போய், வெறும் வயிற்றோடு இறங்கும்போது அவருக்குத் தலை சுற்றும்.

வாப்பா முப்பது வருடம் லொறி ஓட்டியவர். இப்போது வலது கை இயங்குவதில்லை. கார் வந்த அன்று அவர் திண்ணையில் இருந்தபடி சொன்னது ஒன்றுதான். “மகள், வாகனம் ஓட்டப் பழகிட்டாய். பார்க்கப் பழகல்ல.” எனக்கு அது கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. சேர்விஸுக்குக் கொடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். சேர்விஸ் ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒரு தடவைதான். அதற்கிடையில் மாதங்கள் எத்தனை கிடக்கின்றன என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

முதல் பாடம் டயரில் வந்தது. ஒரு சனிக்கிழமை கல்யாண வீடொன்றுக்காக பிபிலைக்கு இறங்கினோம். எங்கள் ஊர் குளிர் அங்கே இல்லை. போய்ச் சேர்ந்த நேரம் நல்ல வெயில். வழியில் காற்றடிக்கும் இடம் ஒன்றைக் கண்டு நிறுத்தினேன். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் என் காருக்கு 30 என்று போட்டிருந்தது. காற்றடிக்கும் தம்பி அளந்து பார்த்து, “34 இருக்கு, கூட” என்றான். நான் தாளைக் காட்டி, “30க்கு இறக்குங்க” என்றேன். அவன் மேல் பிழையில்லை. நான் கேட்டதைத்தான் செய்தான்.

மறுநாள் காலை காரை எடுக்கும்போது ஸ்டியரிங் கனமாக இருந்தது. வளைவில் திருப்பினால் கார் ஒரு கணம் யோசித்துத் திரும்புகிற மாதிரி. வாப்பாவின் பழைய அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். 26. நான்கு டயரும் ஏறக்குறைய அப்படியேதான். இரவோடு இரவாக நான்கிலும் ஆணி ஏறியிருக்க முடியாது. ஒரு டயர் மட்டும் இறங்கினால் ஓட்டையையோ வால்வையோ சந்தேகிக்கலாம். நான்கும் ஒன்றாக இறங்கியிருந்தால் அளந்தவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஓடும்போது டயர் மடங்கி விரிந்து சூடாகிறது. தார் வீதியின் சூடும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் சூடும் சேர்கின்றன. சூடான காற்று விரியப் பார்க்கும். டயருக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறும். அந்த 34 சரியான கணக்குத்தான். குளிர்ந்தபின் அது தானாக 30க்கு வந்திருக்கும். அதிகம் என்று நினைத்து நான் வெளியே விட்ட காற்று, உள்ளே இருக்க வேண்டிய காற்று. தாளில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. மூன்று மணித்தியாலமாவது நின்ற காரில், வெயில் ஏறும் முன் பார்ப்பது. பத்துப் பாகை வெப்பம் கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய இரண்டு இறாத்தல் மாறும். (வாப்பா இன்னும் இறாத்தல் என்றுதான் சொல்வார். எனக்கும் அதுவே வாயில் வருகிறது.)

இதை நான் வாப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த உம்மா சொன்னார்: “அதுதானே. சீனி பார்க்கிறதும் வெறும் வயித்திலதானே. சாப்பிட்டுட்டுப் போனா அது என்ன கணக்கு?”

அதற்குப் பிறகு எனக்கு அது மறந்ததேயில்லை. கிளினிக்குக்கு முதல் நாள் சுபஹுக்குப் பிறகு, முற்றத்தில் பனி இருக்கும்போதே நான்கு டயரையும் பார்க்கிறேன். காற்றுக் குறைவென்றால் கால் பம்பால் வீட்டிலேயே அடித்துவிடுவேன். பம்ப் இல்லாதவர்கள் எது எவ்வளவு குறைவு என்று வீட்டில் குறித்துக்கொண்டு, கிட்டிய இடத்துக்குப் போய் அந்த அளவை மட்டும் கூட்டச் சொல்லலாம். அங்கே சூட்டில் காட்டும் இலக்கத்திலிருந்து இரண்டு கூட்டு, மூன்று கூட்டு என்று கேட்க வேண்டும். 30க்குக் கொண்டுவா என்று கேட்கக் கூடாது.

குறைந்த காற்றோடு ஓடினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூட. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் அது காற்றின் விஷயமே அல்ல. சக்கரங்களின் நேர் பிசகியிருக்கிறது, கராஜுக்குப் போக வேண்டும். குனிந்து பார்க்க ஒரு நிமிடம்தான். ஸ்பெயார் வீலையும் பாருங்கள். நான் ஏழாவது மாதத்தில்தான் அதை நினைத்தேன். 12 இருந்தது.

இரண்டாவது விஷயம் ஒயில். இதில் நான் பட்ட வெட்கம் பெரிது.

காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்கு முதல் நாள் மாலை பொனற்றைத் திறந்தேன். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டிருந்தேன். மேலே ஏறிய ஒயில் கீழே வடிய அந்த நேரம் வேண்டும். டிப் ஸ்டிக்கை இழுத்துத் துணியால் துடைத்தேன். முதல் தடவை இழுக்கும்போது கம்பி முழுக்க ஒயில் தெறித்திருக்கும். அதை நம்பக் கூடாது. துடைத்து, கடைசி வரை திரும்பச் செருகி, இழுத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டைக்கூட ஒயில் தொடவில்லை. நெஞ்சு திக்கென்றது. கடைக்கு ஓடிப்போய் அதே வகை ஒயில் வாங்கிவந்து அரை லீற்றர் ஊற்றினேன். அப்போதுதான் கோட்டைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றலாமா என்று கேட்கத் திண்ணைக்குப் போனேன்.

வாப்பா கேட்டார்: “எங்க வச்சிப் பார்த்த?”

“முற்றத்திலதான்.”

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அது முற்றமா மகள்? அது ஏத்தம்” என்றார்.

எங்கள் ஊரில் சம தரை எங்கே இருக்கிறது? கடைத்தெருவும் சரிவு, வீட்டுப் படலையும் சரிவு, ஹொப்டன் தோட்டப் பக்கம் போனால் நிற்பதற்கே கல் வைக்க வேண்டும். எங்கள் முற்றத்தில் கார் மூக்கை உயர்த்திக்கொண்டு நிற்கும். எஞ்சினின் அடித்தட்டில் கிடக்கும் ஒயில் பின்பக்கமாகச் சரிந்து ஒதுங்கிவிடும். என் காரில் டிப் ஸ்டிக் முன்பக்கம் இறங்குகிறது. அது தொட்டது ஒயில் போய்விட்ட பக்கத்தை. பின்பக்கம் இறங்கும் காராக இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்கும். அது இன்னும் மோசம். குறைவு இருந்தும் தெரியாமல் போயிருக்கும்.

காரைப் பள்ளிக்கூட மைதானத்து ஓரத்துக்கு எடுத்துப்போகச் சொன்னார். அங்கே சமதரைதானா என்று பார்க்க, பாதி தண்ணீர் உள்ள போத்தலைத் தரையில் படுக்கவைக்கச் சொன்னார். தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மூன்றாவது இடத்தில் நின்றது. மறுபடி பத்து நிமிடம். டிப் ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. அதாவது நான் ஊற்றும் முன் ஒயில் போதுமான அளவு இருந்திருக்கிறது.

குறைவுதான் ஆபத்து, கூடினால் என்ன என்று நினைத்திருந்தேன். என் காரில் இரண்டு கோட்டுக்கும் இடையில் இருப்பது ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஒயிலுக்குள் அடித்து நுரையாக்கும். பம்ப் ஒயிலுக்குப் பதில் நுரையை இழுக்கும். நுரை இரும்பைக் காக்காது. அழுத்தம் கூடி சீல்கள் கசியும், புகைக்குழலில் நீலப் புகை வரும். விடிந்தால் உம்மாவோடு பசறை ஏற்றம் ஏற வேண்டும். கராஜ் பாஸ் கடையைப் பூட்டப் போன நேரம் பிடித்து, அடியில் உள்ள ஆணியைத் தளர்த்தி, கூடியதை வடித்தெடுத்தோம். இரவு ஏழரை. பாஸ் காசு வாங்கவில்லை. “மிஸ், அடுத்த தடவை இங்க கொண்டுவந்து பாருங்க. இந்தத் தரை சிமெந்து, நேர்தான்” என்றார்.

ஒயில் கறுப்பாக இருப்பதில் பயமில்லை, வேலை செய்த ஒயில் கறுக்கும். பால் தேநீர் நிறத்தில் இருந்தால்தான் நிறுத்த வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கலந்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் குளிரில் ஓர் ஏமாற்று உண்டு. கிட்டிய தூரம் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறம் ஈரம் படிந்து வெண்ணெய் மாதிரிப் பூத்திருக்கும். கம்பியில் ஒயில் சுத்தமாகவும், தண்ணீர்ப் போத்தலின் மட்டம் குறையாமலும் இருந்தால், பதுளைக்கு ஒரு தடவை போய்வந்தாலே அந்தப் பூப்புப் போய்விடும்.

வைப்பர் பற்றி வாப்பா அதிகம் சொல்லவில்லை. லொறியில் அவர் பாதி வழி தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டியிருக்கிறார். அதை உம்மாதான் கண்டுபிடித்தார். ஒக்டோபரில் முதல் பெருமழை, பசறைக்கு முன்னால் பனிமூட்டமும் சேர்ந்தது. 2021 மார்ச்சில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பள்ளத்தில் விழுந்த 13ஆம் கட்டைப் பக்கத்தை நெருங்கும்போது யாரும் பேசுவதில்லை. உம்மா மட்டும், “என்ட பக்கம் தெரியுது, உன்ட பக்கம் கோடு கோடா ஈக்கி” என்றார். என் கண்ணுக்கு நேரே கைப்பிடி அகலத்துக்கு வைப்பர் துடைக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒதுங்க இடம் வரும்வரை நான் கழுத்தை வளைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வெயில் மாதங்களில் றப்பர் காய்ந்து விறைத்துவிடுகிறது. மழையில்லாததால் யாரும் பார்ப்பதில்லை. இப்போது மாதாமாதம் கையைத் தூக்கி, கீழே கண்ணாடியில் ஒரு துவாயை விரித்துக்கொண்டு (ஸ்பிரிங் நழுவி இரும்பு கண்ணாடியில் விழுந்தால் வெடித்துவிடும்) ஈரத் துணியால் றப்பர் விளிம்பைத் துடைக்கிறேன். கறுப்பும் தேயிலைத் தோட்டத்து மண்ணும் வரும். பிறகு விரலால் தடவிப் பார்க்கிறேன். பிறகு தண்ணீர் பீய்ச்சி ஓடவிடுகிறேன், காய்ந்த கண்ணாடியில் ஒருபோதும் இல்லை. மெல்லிய கோடு விழுந்தால் றப்பரில் அழுக்கோ வெட்டோ இருக்கும். பட்டையாகத் துடைக்காமல் விட்டால் கை வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். றப்பர் மாற்றி அது சரிவராது. என்னுடையது அதுதான். நான் இரண்டு தடவை றப்பருக்குக் காசு கொடுத்தபின் பாஸ் கையை நிமிர்த்தித் தந்தார்.

இவையெல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிறேன். உம்மாவின் கிளினிக் கொப்பியோடு அதுவும் காரின் பெட்டியில் கிடக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரி வரிசையில், அவசரத்தில், உம்மா என் கொப்பியைத்தான் நீட்டியிருக்கிறார். தாதி திறந்து பார்த்துவிட்டு, “30, 30, 29, 30. இது என்னம்மா, சீனியா?” என்று கேட்டாராம்.

29 பின்னால் இடது டயர். இந்த மாதம் 27. வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழி வந்தது.