நிமிர்த்திய கட்டடமும் காணாமல் போன எழுத்துகளும்

1/ எங்க ஊர் பழைய மருத்துவமனைக் கட்டடத்தை இடிப்பதற்கு நாலு நாள் முன்னாடி நான் எடுத்த ஒரு படத்தைப் பற்றிய த்ரெட் இது. வைத்தியம் இல்லை, கேமரா. உயரமான கட்டடத்தை ஃபோட்டோ எடுத்து, மேலே போகப் போக குறுகுற சுவர்களை சாஃப்ட்வேர்ல நேராக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கடைசிவரை படிங்க. அந்த ஸ்லைடரை நகர்த்தும்போது எதை இழக்கிறோம் என்பதை நான் ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

2/ கட்டடம் சுமார் 20 மீட்டர் உயரம். உச்சியில், கைப்பிடிச் சுவருக்கு நடுவில், ஒரு பளிங்குக் கல். கட்ட உதவியவர்களின் பெயர்கள் அதில் உண்டு. கீழே இருந்து பார்த்தால் கல் இருப்பது தெரியும், எழுத்து தெரியாது. அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த நாளில் இருந்து அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் படித்ததில்லை.

3/ படம் எடுத்த அன்று, இடிப்பு வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்பு இருந்ததால் சுவரில் இருந்து 15 மீட்டருக்கு மேல் பின்னால் போக முடியவில்லை. 24 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் கேமரா. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் உயரத்தில் 6000 பிக்சல், அகலத்தில் 4000. உச்சி ஃபிரேமுக்குள் வர கேமராவை ஏறக்குறைய 20 டிகிரி அண்ணாந்து பிடித்தேன். எதிர்பார்த்த மாதிரியே இரண்டு பக்கச் சுவரும் மேலே போய் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்தன.

4/ ஏன் சாய்கிறது? லென்ஸின் குறை இல்லை அது. கேமரா பார்க்கும் திசையில் அளந்தால் சுவரின் அடி 13.6 மீட்டரில் இருக்கிறது, உச்சி 20.4 மீட்டரில் இருக்கிறது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். கேமராவின் சென்சார் சுவருக்கு இணையாக, அதாவது கேமரா துளிகூட அண்ணாராமல் இருந்தால், அடியும் உச்சியும் அந்தத் திசையில் ஒரே தூரம். கோடுகள் குவியாது.

5/ இப்போ கணக்கு. கட்டடத்தின் முகப்பில் 10 மீட்டர் அகலமுள்ள நடுப்பகுதியை எடுத்துக்குவோம். என் படத்தில் அதன் அடி 2950 பிக்சல் அகலம். உச்சியில் அதே 10 மீட்டர் 1960 பிக்சல்தான். அடியை உச்சியால் வகுத்தால் 1.5. நிமிர்த்துவது என்றால் உச்சியில் இருக்கும் அந்த 1960 பிக்சலை இழுத்து 2950 ஆக்குவது. கூடுதலாக வேண்டிய பிக்சல்களை சாஃப்ட்வேர் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைப் பார்த்து நிரப்புகிறது.

6/ சரி, ஒன்றரை மடங்கு இழுப்புதானே, பெரிய விஷயமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அகலத்தில் ஒன்றரை மடங்குதான். உயரத்தில்தான் சிக்கல். உச்சி இரண்டு காரணத்தால் உயரத்தில் சுருங்கும்: தூரத்தில் இருப்பதால் ஒரு தடவை, நாம் அதைச் சரிவாகப் பார்ப்பதால் இன்னொரு தடவை. என் படத்தில் அடிச்சுவரின் ஒரு மீட்டர் உயரத்துக்கு 325 பிக்சல் கிடைத்திருந்தது. உச்சியில் ஒரு மீட்டருக்குக் கிடைத்தது வெறும் 144.

7/ ஆக அகலத்துக்கு ஒரு 1.5, உயரத்துக்கு இரண்டு 1.5. மூன்றையும் பெருக்கினால் 3.4. அதாவது சுவரின் ஒரே அளவு பரப்புக்கு, அடியில் கிடைத்த பிக்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உச்சியில் கிடைத்திருக்கிறது. இந்த மும்மடிப் பெருக்கல் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உங்க படத்தில் ஒரே அகலமுள்ள பகுதியை அடியிலும் உச்சியிலும் அளந்து வகுங்க. வரும் எண்ணை மூன்று முறை பெருக்குங்க. 1.1 வந்தால் 1.3, கவலையே வேண்டாம். 1.2 என்றால் 1.7. 1.5 என்றால் 3.4. 2 என்றால் 8.

8/ இது தெரியாமல் நான் என்ன செய்தேன்? லைட்ரூமில் Transform திறந்து, Vertical ஸ்லைடரை சுவர் நிமிரும்வரை இழுத்தேன். உச்சியில் பக்கத்துக்குப் பக்கம் வெளியே போன மரம், வானம் எல்லாம் வெட்டுப்பட்டன. என் ஃபிரேமில் உச்சி மட்டத்தில் 20 மீட்டர் அகலம் பதிவாகியிருந்தது. வெட்டிய பிறகு மிஞ்சியது அடியின் அகலமான 13.6 மீட்டர். இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

9/ கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று. அடியின் பிக்சல் அளவை மாற்றாமல், உச்சியை அதற்குச் சமமாக இழுத்து ஏற்றுமதி செய்தேன். முன்னால் கிடந்த வெறும் ரோட்டை வெட்டி எறிந்த பிறகும் படம் 4000-க்கு 6490 பிக்சல் வந்தது. கணக்குப் போடுங்க: 26 மெகாபிக்சல். 24 உள்ளே போய், அதிலும் வெட்டிய பிறகு, 26 வெளியே வருகிறது! நான் சந்தோஷப்பட்டேன்.

10/ மைக்ரோஸ்கோப் பார்த்தவர்களுக்கு இது பழகின ஏமாற்று. பொருளருகு லென்ஸ் பிரித்துக் காட்டாத இரண்டு புள்ளிகளை, அதற்குப் பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரே பெரிய மங்கல் புள்ளியாகத்தான் பார்ப்போம். வெற்று உருப்பெருக்கம் என்று முதல் வருஷத்திலேயே படித்தோம். அதையே ஸ்லைடரில் செய்துவிட்டு எனக்கு உறைக்கவில்லை.

11/ பழைய மாணவர்கள் கூடுகைக்காக அந்தப் படத்தை 20 அங்குல உயரத்துக்குப் பிரிண்ட் போட்டோம். கட்டடம் மட்டும் 5900 பிக்சல் உயரம், அங்குலத்துக்கு 300 பிக்சல், ஸ்டுடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஓகே சொன்னார். அடியில் 300 உண்மை. உச்சியில் கேமரா உண்மையில் பார்த்தது உயரவாக்கில் அங்குலத்துக்கு 150-க்குள்தான், மீதி நிரப்பல். எட்டி நின்று பார்த்தால் கட்டடம் கம்பீரமாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

12/ அதுக்கு அப்புறம்தான் அந்த ஃபோன். எங்க மருத்துவமனையில் பல வருஷம் மருந்தாளுநராக இருந்தவரின் மகள். "டாக்டர், அந்தக் கல்லுல எங்க தாத்தா பேரு இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. கல்லு எங்க போச்சுன்னே தெரியல. உங்க படத்துல படிக்க முடியுதான்னு பார்த்துச் சொல்றீங்களா?" 26 மெகாபிக்சல் இருக்கே என்ற தைரியத்தில் "ஒரு நிமிஷம் இருங்கம்மா"ன்னு சொல்லிட்டேன்.

13/ பெரிதாக்கினேன். எழுத்துகள் 18 பிக்சல் உயரத்தில் இருந்தன. ஆனால் எல்லாம் மேலும் கீழும் இழுபட்ட சாம்பல் நிறத் தீற்றல். ஒரிஜினலைத் திறந்தேன். அந்தக் கல்லின் எழுத்து 6 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், மீட்டருக்கு 144 பிக்சல் கணக்கில், கேமரா பிடித்ததே 9 பிக்சல். ஒன்பது பிக்சலில் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் கொம்பும் தங்காது. ‘ண’வா ‘ன’வா என்று எப்படிச் சொல்வது? நிமிர்த்தியதால் போனது இல்லை அது. முதலில் இருந்தே இல்லை. நிமிர்த்தியது, இல்லாததை இருப்பது போலக் காட்டியது.

14/ அப்படியென்றால் என்ன செய்திருக்க வேண்டும்? அதே இடம், அதே 15 மீட்டர், ஆனால் 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் இருந்திருந்தால்: கேமராவை அண்ணாராமல் மட்டமாக வைத்து, லென்ஸை மட்டும் 12 மி.மீ. மேலே நகர்த்தலாம். கணக்குப் போட்டால் உச்சி ஃபிரேமின் விளிம்புக்குள் சரியாக வந்து உட்காருகிறது. சுவர் முழுக்க, அடியிலும் உச்சியிலும், மீட்டருக்கு 267 பிக்சல். அதே எழுத்து 16 பிக்சல், அத்தனையும் உண்மையானவை. என்ன, லென்ஸ் விலை அதிகம். என்னிடம் கிடையாது.

15/ காசில்லாத வழி, பின்னால் போவது. தடுப்பு போடுவதற்கு முந்தின வாரமே போயிருந்தால், கேட்டைத் தாண்டி 30 மீட்டரில் நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்திருக்கலாம். 15 டிகிரி அண்ணாந்தாலே போதும். அடிக்கும் உச்சிக்கும் விகிதம் 1.5-ல் இருந்து 1.18 ஆகிறது. மும்மடிக் கணக்கில் 3.4 வெறும் 1.65 ஆகிவிடும். எழுத்தும் 13 பிக்சல் கிடைத்திருக்கும்.

16/ பின்னால் இடமே இல்லை என்றால்? கட்டடம் முழுசாக ஒரு படம். பிறகு அதே இடத்தில் நின்று, ஜூம் லென்ஸைப் போட்டு, உச்சியை மட்டும் தனியாக இன்னொரு படம். 100 மி.மீ.-ல் எடுத்திருந்தால் அந்த 9 பிக்சல் எழுத்து 26 பிக்சலுக்கு மேல் வந்திருக்கும். என் பையில் 70-200 லென்ஸ் இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை. அரை நிமிஷ வேலை.

17/ இன்னும் இரண்டு விஷயம். ஸ்லைடர் நிமிர்த்தும்போது கட்டடம் மொத்தமும் குட்டையாகவோ நெட்டையாகவோ ஆகிவிடலாம். கோடு நேராக இருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வட்டமான ஏதாவது, ஒரு கடிகாரமோ வட்ட ஜன்னலோ, வட்டமாக இருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் ஒரு ஜன்னலின் நீள அகலத்தை நேரில் அளந்துவைத்து, Aspect ஸ்லைடரால் சரி செய்யுங்க. என் படத்தில் கட்டடம் கொஞ்சம் குள்ளமாகியிருந்தது.

18/ அடுத்தது, நிமிர்வது அந்த ஒரு சுவர் தளம் மட்டும்தான். நின்ற இடம் மாறுவதில்லை. என் படத்தில் சுவர் நேராக இருக்கிறது, ஆனால் மேல்மாடி சன்ஷேடுகளின் அடிப்பக்கம் நன்றாகத் தெரிகிறது. எதிரே நேராக நின்று பார்த்த மாதிரி சுவர், கீழே நின்று பார்த்த மாதிரி சன்ஷேடு. கண்ணுக்கு ஏதோ உறுத்தும், அதற்கு மருந்து கிடையாது. அதனால் இப்போதெல்லாம் முழுசாக நிமிர்த்தாமல் கொஞ்சம் சாய்வை விட்டுவைக்கிறேன். இழுப்பும் குறைகிறது.

19/ நிமிர்த்திய படத்தைப் பெரிய பிரிண்டுக்குக் கொடுப்பதற்கு முன்னாடி 100 சதவீதத்தில் அடியில் ஒரு ஜன்னலையும் உச்சியில் ஒரு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. உச்சி ஜன்னல் மட்டும் மங்கல் என்றால், பிரிண்ட் அளவை உச்சியைக் கொண்டு முடிவு பண்ணுங்க, ஃபைலின் மெகாபிக்சலைக் கொண்டு வேண்டாம். ஒரிஜினலை ஒருபோதும் அழிக்காதீங்க.

20/ அந்த அம்மாவுக்கு நிமிர்த்தாத ஒரிஜினலை அனுப்பினேன். மூன்றாவது வரியில் முதல் எழுத்து ‘மு’ போல இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதையும், அது என் ஊகம் மட்டுமே என்பதையும் எழுதினேன். "தாத்தா பேரு முத்தையா டாக்டர்"னு பதில் வந்தது. பொருந்துகிறதே என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒன்பது பிக்சலை வைத்து எனக்கு அப்படிச் சொல்லத் துணிவில்லை. "படத்தை வெச்சு உறுதியாச் சொல்ல முடியலம்மா"ன்னு எழுதினேன். உங்க ஊரில் இடிபடப்போகும் கட்டடம் எதையாவது எடுக்கப் போறீங்கன்னா, உச்சியைத் தனியா ஒரு படம் எடுத்துடுங்க.