கண்ணாடிப் படமும் கரும்பலகை எழுத்தும்

கையடக்கத் தொலைபேசியிலோ கணினியிலோ முகம் பார்த்துப் பேசும்போது, திரையின் மூலையில் நமது சொந்தப் படமும் சிறிதாகத் தெரிகிறதல்லவா? அந்தப் படம் மறுதரப்பாருக்குப் போகும் படம் அல்ல. அது நமக்கு மட்டும் காட்டப்படும் ஒரு கண்ணாடி. இதை அறியாததால் எங்கள் குடும்பத்தில் ஒரு கணித வகுப்பே நின்றுபோகப் பார்த்தது.

2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, என் ராத்தா தரம் 3 பிள்ளைகளுக்கு ஸூம் மூலம் கணிதம் சொல்லிக் கொடுத்தார். சிறிய வெள்ளைப் பலகையில் 12 + 35 என்று எழுதிக் கமெராவுக்குக் காட்டினார். அவருடைய திரையிலோ 35 முன்னாலும் 12 பின்னாலும், ஒவ்வோர் இலக்கமும் இடம் வலம் மாறியும் தெரிந்தன.

"இதப் பாத்து புள்ளைகள் எப்படிப் படிக்கிற?" என்று கவலைப்பட்டவர், இரவிரவாகப் பழகி, மறுநாள் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதினார். இப்போது அவருடைய திரையில் எழுத்து அழகாகத் தெரிந்தது. அன்று மாலையே ஒரு பிள்ளையின் உம்மா அழைத்தார். "டீச்சர், இண்டைக்கு இலக்கமெல்லாம் மறுபக்கமாக் கிடந்திச்சு. மகன் அப்படியே கொப்பியில எழுதி வெச்சிருக்கான்!"

ராத்தா மனம் சோர்ந்து வகுப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னார். நான் எனது தொலைபேசியால் அதே வகுப்பில் ஒரு மாணவியைப் போலச் சேர்ந்தேன். இரைச்சல் வராமல் மைக்கை அணைத்துவிட்டு, பலகையில் வழமைபோல எழுதச் சொன்னேன். ராத்தாவின் திரையில் எழுத்து மாறியிருந்தது. என் திரையில் 12 + 35 நேராகவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவருக்கு உயிர் வந்தது.

ஏன் நமக்கு மட்டும் மாற்றிக் காட்டுகிறார்கள்? பிறந்தது முதல் நம் முகத்தை நாம் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறோம். முக்காட்டின் வலப் பக்கத்தைச் சரிசெய்ய வலக் கையை உயர்த்தினால், கண்ணாடியிலும் அதே பக்கத்துக் கைதான் உயரும். கமெரா பார்ப்பதை அப்படியே காட்டினால், எதிரே நிற்கும் இன்னொருவரைப் போல மறுபக்கத்துக் கை உயரும். ஊசி குத்தப் போனால் கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வராமலிருக்கவே நமது படத்தை மட்டும் திருப்பி வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு, நம் முன்னால் உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படியே போகிறது.

எழுத்து மட்டும் ஏன் இப்படிக் குழம்புகிறது? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். தெளிவான பொலித்தீன் தாளில் ஒரு சொல்லை எழுதுங்கள். எழுத்து உங்களுக்கு நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். கண்ணாடியிலும் அது நேராகவே தெரியும்! கடதாசியில் எழுதினால், அதைக் கண்ணாடிக்குக் காட்ட நாமே புறம் திருப்புகிறோம். அப்போதுதான் இடமும் வலமும் மாறுகின்றன. முகத்தில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் மாற்றம் தெரிவதில்லை. எழுத்தில் உடனே தெரிந்துவிடுகிறது.

நம் கண்ணுக்கும் நேராகத் தெரிய வேண்டுமானால், கணினியில் ஸூமின் Settings பகுதியில் Video என்பதைத் திறந்து, Mirror my video என்ற அடையாளத்தை எடுத்துவிடலாம். அது நமது திரையை மட்டுமே மாற்றும். பிள்ளைகள் பார்ப்பது முன்பும் நேர்தான், பின்பும் நேர்தான்.

ஓர் எச்சரிக்கை. கமெராவுக்கென்று தனியாக உள்ள மென்பொருளில் படத்தைத் திருப்பி வைத்திருந்தால், திருப்பிய படமே எல்லோருக்கும் போகும். முன்பக்கக் கமெராவால் எடுக்கும் புகைப்படத்தைக் கண்ணாடிப் படமாகவே சேமிக்கும் வசதியும் பல தொலைபேசிகளில் உண்டு; அப்படிச் சேமித்ததை அனுப்பினால் எழுத்து மாறியே போய்ச் சேரும். ஆகவே சந்தேகம் வந்தால் சொந்தப் படத்தை நம்பாமல், ஒரு புத்தக அட்டையைக் காட்டி "வாசிக்க முடிகிறதா?" என்று மறுபக்கத்தாரிடம் கேட்பதே சரியான வழி.

வெளிநாட்டிலுள்ள மகனுக்கு வாட்ஸ்அப்பில் மருந்துப் போத்தலின் பெயரைக் காட்டும்போதும் இதுதான் கணக்கு. உங்களுக்கு எழுத்து புரண்டு தெரிந்தாலும் அவர் நேராகவே வாசிப்பார். நீங்களும் சேர்ந்து வாசிக்க விரும்பினால் பின்பக்கக் கமெராவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; அதில் கண்ணாடி வேலை இல்லை, இருவருக்கும் ஒன்றுபோலவே தெரியும்.