நூறு புள்ளிகள் போதும்

பொட்டிப்புரம் நியூட்ரினோ திட்டம் பற்றிப் படித்தபோதெல்லாம் ஒரு வரி என் கண்ணில் பட்டது. 50 ஆயிரம் டன் இரும்புக் கருவி 10 ஆண்டு இயங்கினால், மூன்றாவது நியூட்ரினோ எல்லாவற்றையும் விடக் கனமானதா, இலேசானதா என்பதைச் சுமார் 3 சிக்மா அளவில் சொல்லும் என்பதே அது. இதை மட்டும் திரையில் போட்டால், “பத்து வருசத்தில் விடை உறுதி” என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அந்த 3 என்பது நடுமதிப்பு. அதே சோதனையை நூறு முறை நடத்தினால் பாதி அதற்கு மேலே வரும், பாதி கீழே வரும். எவ்வளவு கீழே? வழக்கமான தோராயக் கணக்கில் நடுமதிப்பு 9, விலகல் 6. (3 சிக்மாவின் வர்க்கம்தான் 9.) அப்படியானால் சுமார் 7 முறை தவறான விடைப் பக்கமே சாயும்.

நானாக இருந்தால் வரைபடமும் நிழல் பட்டையும் காட்ட மாட்டேன். பட்டையின் விளிம்பைச் சுவர் என்று நினைத்து, அதற்கு வெளியே எதுவும் நடக்காது என்று நம்பிவிடுவார்கள். நூறு புள்ளி போதும்: 50 பச்சை, 43 மஞ்சள், 7 சிவப்பு. பச்சை என்றால் 3 சிக்மாவைத் தாண்டியது. மஞ்சள் என்றால் சரியான பக்கம், ஆனால் போதாத வலு. சிவப்பு என்றால் தவறான பக்கம். கூடவே ஒரு வரி: “நமக்குக் கிடைக்கப்போவது இதில் ஒரே ஒரு புள்ளி, எது என்று முன்கூட்டித் தெரியாது.”

மலையைக் குடையும் திட்டம் பற்றி முடிவெடுக்க வேண்டிய மக்களுக்கு அந்த ஏழு சிவப்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும்.