இருபது ரூபாய்க்கு ஒரு வீடியோ

எங்கள் பாபநாசம் கோயிலுக்கு வந்து போகிறவர்களில் சிலர், வழியில் விக்கிரமசிங்கபுரத்தில் என் தங்கை மகன் கடையில் அல்வா வாங்காமல் போகமாட்டார்கள். சென்னை, கோவை என்று குடிபோன பழைய ஆட்களும் வாட்ஸ்அப்பில் சொல்லி வரவழைக்கிறார்கள். சின்னக் கடைதான்.

2023 செப்டம்பர் 14-ஆம் தேதி ஆவின் நெய் லிட்டர் 630 ரூபாயிலிருந்து 700 ரூபாய்க்கு ஏறியது. அன்று சாயங்காலமே மருமகன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, கிலோ 480-க்கு இனி கட்டாது. 520 ஆக்கிருதேன். இல்லன்னா கால் கிலோ டப்பாவுல 230 கிராம் போட்டு அதே 120 ரூபாய்க்குக் குடுத்திருதேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்கு எழுதிப் பழகிய கை எனக்கு. ஒரு தாளை எடுத்தேன். அவன் ஒரு கிலோ சம்பா கோதுமைக்கு மூன்று கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் நெய் போடுகிறான். இறக்கும்போது ஏறக்குறைய 5 கிலோ அல்வா வரும். அப்படியானால் ஒரு கிலோ அல்வாவுக்கு 300 மில்லி நெய். லிட்டருக்கு 70 ரூபாய் ஏறினால் கிலோ அல்வாவுக்கு 21 ரூபாய்தான் ஏறுகிறது. 40 ரூபாய் எங்கிருந்து வந்தது? 230 கிராம் 120 ரூபாய் என்றால் கிலோ ஏறக்குறைய 522 ரூபாய் ஆகிவிடுகிறது. ஏற்றியதிலும் அதிகம், அதையும் சொல்லாமல்.

"இருபது ரூபா ஏத்து. ஏன்னு நீயே வாயால சொல்லு" என்றேன். ஊர்விட்டு ஊர் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்ல என்றான். வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று முடிவானது.

முதலில் எடுத்தது மூன்று நிமிடம் ஓடியது. கோயில் கோபுரம், தாமிரபரணி, அவன் தாத்தா கடை போட்ட கதை, பெட்ரோல் விலை, ஆள் கிடைக்காத கஷ்டம். கடைசியில் "சிறிய விலை மாற்றம்" என்று ஒரு வார்த்தை. என் தங்கையிடம் காட்டினோம். "எல்லாம் சரிதாம்ல, எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?" என்றாள். அவ்வளவுதான், அதை அழித்தோம்.

மறுபடி எடுத்தது முக்கால் நிமிடம். அடுப்புப் பக்கத்தில் நின்று, வேலைச் சட்டையோடு, இப்படிச் சொன்னான்:

"வணக்கம். அக்டோபர் ஒண்ணாம் தேதியில இருந்து நம்ம அல்வா கிலோ 480 இல்ல, 500 ரூபாய். கால் கிலோ 125. காரணம் நெய் மட்டும்தான். லிட்டர் 630-க்கு வாங்கினது, இப்ப 700. பில்லப் பாருங்க. ஒரு கிலோ அல்வாவுக்கு 300 மில்லி நெய் போகுது, அதுல 21 ரூபாய் கூடியிருக்கு. எடையும் குறையாது, நெய்யும் குறையாது, டால்டாவும் சேராது. செப்டம்பர் 30-க்குள்ள சொல்லுத தீபாவளி ஆர்டருக்குப் பழைய விலைதான். நெய் இறங்கினா நானும் இறக்குவேன்."

பழைய பில், புதிய பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். விலை முதல் வாக்கியத்திலேயே வந்ததால், கடைக்கு வந்து யாரும் திடுக்கிடவில்லை. "பில்லக் காட்டினியே, அது போதும்" என்று வயதான வாடிக்கையாளர் ஒருவர் எழுதியிருந்தார்.

ஒரு தவறும் நடந்தது. பழைய விலை ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோ வரை என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்கி விற்கிற ஒருவர் 30 கிலோ கேட்டுவிட்டார். வீடியோவில் சொன்னது சொன்னதுதான் என்று கொடுத்தான். 600 ரூபாய் போயிற்று. அக்டோபரிலிருந்து அந்த ஆள் வேறு கடைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு இரண்டு கிலோ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

பெரிய சோதனை அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அவன் பில்லில் லிட்டருக்கு 40 ரூபாய் இறங்கிவிட்டது. "ஆள்கூலி ஏறிருக்கு மாமா, ரெண்டு வருஷமா வெலையத் தொடல. இத அதுக்கு வச்சுக்கிடலாமா? யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?" என்றான்.

"கூலிக்கு வேணும்னா அதைச் சொல்லி ஏத்து. நெய்க்குச் சொன்ன வார்த்தை நெய்க்கு" என்றேன்.

ஒருநாள் பேசாமல் இருந்தான். மறுநாள் காலை என் போனில் இருபது விநாடி வீடியோ வந்தது. நெய் லிட்டருக்கு 40 குறைந்தது, கிலோ அல்வாவுக்கு 12 ரூபாய், இனி 488, கால் கிலோ 122.

நானும் கால் கிலோ வாங்கப் போனேன். 125 நீட்டினேன். மூன்று ரூபாய்ச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தான்.